தலைமை யார், முன்னிலை யார்? முன்னாள் மாணவர் சந்திப்பு அழைப்பிதழில் பெயர் வரிசையும் சொல் வழக்கும்

டிசம்பர் நெருங்கினால் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சண்டை தவறாமல் வரும். சாப்பாடு, வசூல், பேனர் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும், அழைப்பிதழ் வரைவு வந்ததும்தான் ஆரம்பிக்கும். "கணக்கு சார் பேரு ஏழாவது வரியிலயா?" என்று ஒருவர் கேட்பார். "எம்.எல்.ஏ. நம்ம செட்டுதானே, அவருக்கு எதுக்குத் தனி கட்டம்?" என்று இன்னொருவர். "முன்னிலை என்றால் என்ன, தலைமைக்கு மேலா கீழா?" என்று மூன்றாவது ஆள் கேட்டவுடன் குழு அமைதியாகிவிடும், ஏனென்றால் அது யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஒரு மாதிரி நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு இதை அடியிலிருந்து பார்ப்போம். ஒரு சிற்றூரின் அரசு மேல்நிலைப் பள்ளி. 1999–2000இல் பிளஸ் டூ முடித்தவர்கள் கால் நூற்றாண்டு கடந்து கூடுகிறார்கள். நாள் 2026 ஜனவரி 4, ஞாயிறு. இடம் அதே பள்ளி வளாகம். அழைக்கப்படுவோர்: இப்போதைய தலைமையாசிரியர், பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர்கள் இருவர், பன்னிரண்டு ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள் மூவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். அதே செட்டில் படித்தவர்களில் ஒருவர் இப்போது சட்டமன்ற உறுப்பினர், ஒருவர் வேறொரு மாவட்டத்தில் ஆட்சியர்.

## அழைப்பிதழுக்குள் இரண்டு வரிசைகள் இருக்கின்றன

குழப்பத்தின் வேர் இங்கேதான். நம் அழைப்பிதழ்கள் இரண்டு வேலைகளை ஒரே பட்டியலில் செய்யப் பார்க்கின்றன. ஒன்று மரியாதை வரிசை: யார் பெயர் மேலே, யார் பெயர் பெரிய எழுத்தில். மற்றொன்று நிகழ்ச்சி வரிசை: மேடையில் எது முதலில் நடக்கும், எது பிறகு. இரண்டும் பொருந்தாது. மேடையில் முதலில் பேசுபவர் வரவேற்புரை சொல்பவர், அவர் விழாக் குழுவில் ஒருவர், மரியாதை வரிசையில் கடைசி ஆள். சிறப்பு விருந்தினரோ கடைசிக்கு முந்தி பேசுவார்.

அரசு விழா அழைப்பிதழ்களில் பெரும்பாலும் தலைமை, முன்னிலை எல்லாம் முதலில் அச்சாகி, வரவேற்புரையும் நன்றியுரையும் கீழே போய்விடும். இலக்கியக் கூட்ட அழைப்பிதழ்களில் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை என்று நடக்கும் ஒழுங்கிலேயே அச்சாகும். இரண்டும் சரியான முறைதான். ஒரு பாதி இதிலும் மறு பாதி அதிலும் எடுத்தால்தான், "வரவேற்கிறவன் பேரு ஹெச்.எம். பேருக்கு மேல எப்படிப் போச்சு" என்ற கேள்வி வருகிறது.

வழி எளியது. மடிப்பு அழைப்பிதழ் என்றால் இடப்பக்கம் அழைப்பும் மரியாதைப் பட்டியலும், வலப்பக்கம் "நிகழ்ச்சி நிரல்" என்ற தலைப்பில் நேரத்தோடு வரிசை. பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்துவிடும்.

## பொறுப்புச் சொற்கள் என்ன சொல்கின்றன

1. தலைமை. கூட்டத்தை நடத்திவைக்கும் பொறுப்பு. ஒருவர்தான் இருக்க முடியும். "கூட்டுத் தலைமை" என்று இரண்டு பெயர் போடுவது பிரச்சினையைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

2. முன்னிலை. இவர்கள் இருக்க, இவர்கள் பார்க்க விழா நடக்கிறது என்பது இதன் கருத்து. பலர் வரலாம், பேச வேண்டிய கட்டாயம் இல்லை. தலைமைக்கு அடுத்து அச்சாவதால் கீழ்ப்படி போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் தோற்றம் தோற்றம்தான், மூத்த ஆசிரியரை இங்கே போட்டுவிட்டு "இது கீழ் இல்லை சார்" என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

3. சிறப்பு விருந்தினர் / சிறப்புரை. தமிழ்நாட்டு வழக்கில் இதுவே உச்ச இடம். இலங்கையில் படி வேறு. அங்கே பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று இறங்கும், பள்ளித் தலைவரை அதிபர் என்பார்கள், சங்கத்தைப் பழைய மாணவர் சங்கம் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரை நம் ஊர் அழைப்பிதழில் "சிறப்பு விருந்தினர்" என்று போட்டால், தனக்கு மேலே ஒரு பிரதம விருந்தினர் எங்கே என்று அவர் தேடக்கூடும்.

4. வாழ்த்துரை, ஆசியுரை. இதில்தான் முன்னாள் மாணவர் அழைப்பிதழ்கள் அதிகம் சறுக்குகின்றன. வாழ்த்து மேலிருந்து கீழே இறங்கும் சொல். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று மேடைதோறும் கேட்டிருப்போம், அதன் அடிப்படை இதுதான். எனவே ஆசிரியர்களின் பேச்சுக்கு "வாழ்த்துரை" அல்லது "ஆசியுரை" பொருந்தும். மாணவர் எந்தப் பதவியில் இருந்தாலும், தன் ஆசிரியர் மேடையில் இருக்கும்போது அந்த மாணவரின் பேச்சுக்கு "வாழ்த்துரை" என்று தலைப்புக் கொடுப்பது உறுத்தும். "நினைவுரை", "மலரும் நினைவுகள்", சாதாரணமாக "உரை" என்று போடலாம்.

5. பாராட்டு விழா. இதுவும் அதே கதைதான். மாணவர்கள் ஆசிரியர்களைப் பாராட்டுவது என்பதைவிட "ஆசிரியர்களுக்கு நன்றி நவிலும் விழா", "ஆசிரியப் பெருமக்களுக்குச் சிறப்புச் செய்தல்" என்பவை நிற்கும். பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த இப்போதைய மாணவர்களுக்குப் பரிசு தருகிறீர்களா, அதற்குப் "பாராட்டு" கச்சிதம்.

6. ஏற்புரை. சிறப்புச் செய்யப்பட்டவர் பதிலுக்குப் பேசுவது. பன்னிரண்டு பேரும் பேச முடியாது, எல்லார் சார்பிலும் ஒருவரோ இருவரோ என்று முன்பே கேட்டு முடிவு செய்து பெயரோடு அச்சிட வேண்டும்.

## அப்படியானால் தலைமை யாருக்கு?

நம் மாதிரி நிகழ்ச்சிக்கு வருவோம். தலைமை, இப்போதைய தலைமையாசிரியருக்கு. அவர் உங்களுக்குப் பாடம் எடுத்திருக்க மாட்டார், வயதில் உங்களைவிட இளையவராகக்கூட இருக்கலாம். ஆனால் வளாகம் அவர் பொறுப்பில் இருக்கிறது, அனுமதி கொடுப்பவர் அவர், ஏதாவது நடந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அதே நிகழ்ச்சி பள்ளியில் இல்லாமல் திருமண மண்டபத்தில் நடந்தால் இந்தக் காரணம் போய்விடுகிறது. அப்போது மூத்த மேனாள் தலைமையாசிரியரைத் தலைமை ஏற்கச் சொல்வதே அழகு.

முன்னிலையில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் ஆகியோர். இவர்கள் பள்ளியோடு இன்றைக்குத் தொடர்புள்ளவர்கள், ஆகவே இடம் சரி.

மேனாள் தலைமையாசிரியர்களையும் ஆசிரியர்களையும் முன்னிலையில் திணிக்காமல் அவர்களுக்குத் தனித் தலைப்பு கொடுங்கள்: "சிறப்புப் பெறும் ஆசிரியப் பெருமக்கள்". இதைத் தலைமை, முன்னிலை வரிகளுக்கு மேலேயே, அழைப்பு வாசகத்தை ஒட்டிப் போட்டுவிடலாம். விழாவே அவர்களுக்குத்தான் என்பதால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தலைமையாசிரியருக்கும் தர்மசங்கடம் இல்லை.

அடுத்து சட்டமன்ற உறுப்பினரும் ஆட்சியரும். அரசாங்கத்திடம் ஒரு முன்னுரிமைப் பட்டியல் இருக்கிறது, குடியரசுத் தலைவர் செயலகம் 1979 ஜூலையில் வெளியிட்டது, பின்னர் திருத்தங்களும் வந்தன. குடியரசுத் தலைவர் முதலிடம், குடியரசுத் துணைத் தலைவர் இரண்டாமிடம், பிரதமர் மூன்றாமிடம் என்று போகும். இதைக் கொண்டுவந்து குழுவில் போட்டு வாதாடுபவர்கள் உண்டு. அந்தப் பட்டியலின் முதல் குறிப்பே அது அரசு விழாக்களுக்கும் சடங்கு முறையான நிகழ்ச்சிகளுக்கும் உரியது என்றுதான் சொல்கிறது. நீங்கள் வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டு நடத்தும் சந்திப்பை அது கட்டுப்படுத்தாது.

எனவே முதலில் கேட்க வேண்டியது, அவர் எந்தத் தகுதியில் வருகிறார் என்பது. இரண்டு வழிதான்:

1. மாணவராக வருகிறார். அப்படியானால் செட்டுப் பட்டியலில் அகர வரிசையில் அவர் பெயர், பக்கத்தில் இப்போதைய பொறுப்பு. தனிக் கட்டம், படம் எதுவும் கிடையாது.

2. விருந்தினராக வருகிறார். அப்படியானால் "சிறப்புரை: திரு. ……… அவர்கள், சட்டமன்ற உறுப்பினர், முன்னாள் மாணவர்". அந்த "முன்னாள் மாணவர்" என்ற இரண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள். ஆசிரியர்கள் இருக்கும் மேடையில் அவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கான விளக்கமே அதுதான்.

இரண்டிலும் பாதி பாதி எடுத்து, சட்டமன்ற உறுப்பினரை விருந்தினராகவும் ஆட்சியரைச் செட்டுப் பட்டியலிலும் போட்டால் மனவருத்தம் நிச்சயம். என் கருத்தைக் கேட்டால், இருவரையும் மாணவராகவே போடுங்கள் என்பேன். பொறுப்பில் இருப்பவர்களுக்கே அது பல நேரம் நிம்மதியாக இருக்கும். ஆனால் இதை அவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், குழுவில் வாக்கெடுப்பு நடத்தி அல்ல.

## பன்னிரண்டு ஆசிரியர்களை எப்படி அடுக்குவது

பதவிப்படி அடுக்குவது அலுவலக வழக்கம்: முதுகலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், இடைநிலை ஆசிரியர், அப்புறம் ஓவியம், தையல், உடற்கல்வி. இந்தச் சந்திப்புக்கு இது பொருந்தாது. ஆறாம் வகுப்பில் கைபிடித்து எழுதவைத்த இடைநிலை ஆசிரியர் ஒன்பதாவது வரியில் இருப்பதை எந்த மாணவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். வயதுப்படி அடுக்கலாம், ஆனால் அதற்காக டீச்சர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்கப் போகிறவர் யார்?

சண்டையில்லாமல் நிற்பது, அந்தப் பள்ளியில் அவர்கள் பணியேற்ற ஆண்டின் வரிசை. தலைமையாசிரியர்கள் இருவரும் பதவி வகித்த கால ஒழுங்கில் முதலில், பிறகு மற்றவர்கள் பணியேற்ற ஆண்டுப்படி, ஒரே ஆண்டு என்றால் அகர வரிசை. பட்டியலுக்குக் கீழே சிறிய எழுத்தில் "பள்ளியில் பணியேற்ற ஆண்டு வரிசையில்" என்று ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள். விதி கண்ணுக்குத் தெரிந்தால் கோபம் வராது. ஆண்டு விவரம் கிடைக்காவிட்டால் மதிப்பெண் பட்டியலின் ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளலாம்: தமிழ், ஆங்கிலம், பிறகு மற்ற பாடங்கள். எல்லோருக்கும் மனப்பாடமான வரிசை, யாரும் உள்நோக்கம் கற்பிக்க முடியாது.

அகர வரிசையிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. தலைப்பெழுத்தை வைத்து அடுக்கக் கூடாது, பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான். ராஜேந்திரன் என்று எழுதினால் ர வரிசை, இராசேந்திரன் என்று எழுதினால் இ வரிசை, அதை முடிவு செய்ய வேண்டியது பெயருக்கு உரியவர். தட்டச்சு செய்யும் தம்பி தனித்தமிழ் ஆர்வத்தில் மாற்றிவிடக் கூடாது. ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயர்கள் தமிழ் எழுத்துகள் முடிந்த பிறகு வரும்.

செட்டுப் பட்டியலில் பெண்களின் தலைப்பெழுத்து தனிச் சிக்கல். திருமணத்துக்குப் பின் பலருக்கு மாறியிருக்கும். அவர் இப்போது எழுதும் பெயரை அச்சிட்டு, அவர் சம்மதித்தால் பள்ளிப் பதிவேட்டில் இருந்த தலைப்பெழுத்தை அடைப்புக்குள் கொடுங்கள். செட்டில் மூன்று கலைச்செல்வி இருந்தால் அதுதான் அடையாளம்.

பணியாளர்கள் பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். ஆசிரியர்களுக்கெல்லாம் "திரு. … அவர்கள்", மணி அடித்தவருக்கும் ஆய்வக உதவியாளருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் வெறும் பெயர் என்று அச்சான அழைப்பிதழ்கள் நிறைய. வேண்டுமென்று செய்வதில்லை, பழக்கதோஷம். ஆனால் அச்சில் அது அப்பட்டமாகத் தெரியும்.

## அடைமொழி: எது யாருக்கு

* திரு., திருமதி, செல்வி பொது வழக்கு. பெண்ணுக்கு மணமாகிவிட்டதா என்ற ஆராய்ச்சி வேண்டாம் என்றால் எல்லோருக்கும் திருமிகு போட்டுவிடலாம், ஆனால் எல்லோருக்கும் போட வேண்டும்.
* மாண்புமிகு அமைச்சர்களுக்கு. பதவிக்கு முன்னால் வரும்: மாண்புமிகு … துறை அமைச்சர் திரு. … அவர்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் ஊரில் இதைப் போடுகிறார்கள், தமிழக அரசின் செய்திக்குறிப்புகளில் பொதுவாகத் திரு. மட்டுமே வரும். நீதிபதிக்கு மாண்பமை.
* இ.ஆ.ப. பெயருக்கும் "அவர்கள்" என்பதற்கும் நடுவில், இரு பக்கமும் காற்புள்ளியோடு: திரு. ………, இ.ஆ.ப., அவர்கள்.
* முனைவர் போட்டால் கூடவே திரு. வேண்டாம். மருத்துவருக்கும் முனைவருக்கும் "டாக்டர்" என்றே போட்டால், நெஞ்சுவலி என்றதும் இயற்பியல் முனைவரைத் தேடிப் போவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.
* பத்மஸ்ரீ போன்ற தேசிய விருதைப் பெயருக்கு முன்னொட்டாகப் போடக் கூடாது. அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்திருக்கிறது, கல்வி, ராணுவத் தகுதிகளுக்கு மட்டும் விலக்கு. இந்த விருதுகள் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயரின் முன்னாலோ பின்னாலோ சேர்க்கக் கூடாது என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அறிமுக வரியில் "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று எழுதலாம், அதில் தவறில்லை.

இன்னொன்று. ஆசிரியருக்கு "முன்னாள் ஆசிரியர்" என்று போடாதீர்கள். "மேனாள் தலைமையாசிரியர்", "பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்" என்பவை நன்றாக இருக்கும். ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெறலாம், உங்களுக்கு ஆசிரியராக இருப்பதிலிருந்து எப்படி ஓய்வு பெறுவார்?

## "அவர்கள்" எங்கே, எங்கே கூடாது

அழைக்கப்படுபவருக்கு "அவர்கள்", அழைப்பவருக்குக் கிடையாது. தன்னைத் தானே மரியாதையாகச் சொல்லிக்கொள்வதில்லை என்ற பழைய பண்புதான். ஆகவே வரவேற்புரை, நன்றியுரை, தொகுப்புரை செய்யும் விழாக் குழுவினருக்குத் திருவும் வேண்டாம், "அவர்கள்" என்பதும் வேண்டாம், பெயர் மட்டும். கையொப்பப் பகுதிக்கும் அதே விதி.

வினைமுற்றும் இதோடு ஒத்துப்போக வேண்டும். "திரு. … அவர்கள் தலைமை ஏற்கிறார்கள்" என்று ஒரு வரியும், "திருமதி … அவர்கள் ஆசியுரை வழங்குகிறார்" என்று அடுத்த வரியும் இருந்தால், பெண்ணுக்கு மரியாதை குறைந்ததாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார். எல்லாம் "கிறார்கள்" அல்லது எல்லாம் "கிறார்". வினையே இல்லாமல் "தலைமை: …" என்று தலைப்பு முறையில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, நான் அதைத்தான் விரும்புவேன்.

அழைப்பு வாசகம் இப்படி அமையலாம்:

> அன்புடையீர், வணக்கம்.
> எம் பள்ளியில் 1999–2000ஆம் கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற மாணவ மாணவியரின் சந்திப்பும், ஆசிரியப் பெருமக்களுக்கு நன்றி நவிலும் விழாவும் திருவள்ளுவர் ஆண்டு 2056, மார்கழித் திங்கள் 20ஆம் நாள் (04.01.2026) ஞாயிற்றுக்கிழமை காலை 10.00 மணிக்குப் பள்ளி வளாகத்தில் நடைபெற உள்ளன. தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்க அன்புடன் அழைக்கிறோம்.

சந்திப்பும் விழாவும் இரண்டு, அதனால் "உள்ளன". "உள்ளது" என்று விட்டால் தமிழாசிரியர் அழைப்பிதழை வாங்கியவுடன் சிவப்புப் பேனா எடுப்பார்.

ஆண்டைக் கவனித்தீர்களா? திருவள்ளுவர் ஆண்டுக்கு ஆங்கில ஆண்டோடு 31 கூட்ட வேண்டும், ஆனால் அந்த ஆண்டு தை முதல் நாளில்தான் பிறக்கும். ஜனவரி 4 இன்னும் மார்கழி, ஆகவே 2056. அதே நிகழ்ச்சியை ஜனவரி 25க்குத் தள்ளினால் தை 11, ஆண்டு 2057. பொங்கலுக்கு முந்திய இரண்டு வாரத்தில் நடக்கும் விழாக்களில் இந்தப் பிழை சர்வ சாதாரணம்.

## தொடக்கமும் மறைந்தவர்களும்

நிகழ்ச்சி நிரலின் முதல் வரி தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பர் 17 அன்று "நீராருங் கடலுடுத்த" தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 விநாடியில் பாட வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், ஒலிப்பதிவைப் போடாமல் ஆட்களே பாட வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். ஆகவே பாடப் போவது யார் என்று அழைப்பிதழ் அச்சாகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய மாணவியர் பாடுவது நல்ல ஏற்பாடு. நாட்டுப்பண் கடைசியில்.

மறைந்த ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் "நினைவேந்தல்" தமிழ்த்தாய் வாழ்த்தை ஒட்டி உடனே வர வேண்டும். பரிசளிப்புக்கும் கலைநிகழ்ச்சிக்கும் நடுவில் வைத்தால் இரண்டும் கெடும். பெயருக்கு முன் "அமரர்", "தெய்வத்திரு" என்பவை சமய வாடை உள்ளவை. பல சமயத்தவர் இருக்கும் பட்டியலில் "மறைந்த" என்ற ஒரே சொல்லை எல்லோருக்கும் போடலாம். இதைவிட முக்கியம், சிறப்புப் பெறுவோர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அச்சுக்கு முன் ஒரு தடவை தொலைபேசியில் பேசிவிடுவது. நான்கு வருடத்துக்கு முந்தைய எண் பட்டியலை வைத்து அச்சடித்து, வீட்டுக்குப் போன பிறகு மாலை போட்ட படத்தைப் பார்த்துத் திரும்பும் குழுக்கள் இருக்கின்றன.

## அச்சான பிறகு ஆள் மாறினால்

கையொப்பத்தில் "இவண்" அல்லது "அழைப்பில் மகிழும்", கீழே "1999–2000 பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள்" என்று போதும், தனி நபர் பெயர்கள் தேவையில்லை, தொடர்பு எண் மட்டும் தனியே. "இதையே நேரில் அழைத்ததாகக் கருதி வரவும்" என்ற வரி நண்பர்களுக்குப் பரவாயில்லை. ஆசிரியர்களுக்கு நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும். அழைப்பிதழை அவர்கள் கையில் கொடுக்கும்போது பெயர், தலைப்பெழுத்து, பாடம் மூன்றையும் அவர்களையே படித்துப் பார்க்கச் சொல்லலாம், அதற்காகவே முதல் இருபது பிரதியை மட்டும் சாதாரணத் தாளில் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

விருந்தினர் ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்றால், முன்னிலையில் இருப்பவரை அந்த இடத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். ஒருவரை ஏற்றினால் மற்றவர்களைக் கேட்காமல் இறக்கியதாகிவிடும். அந்த உரையைச் சும்மா விட்டுவிட்டு, அவர் அனுப்பிய வாழ்த்தைத் தொகுப்பாளர் படிக்கலாம். தலைமையாசிரியர் வர முடியாமல் போனால் மட்டும் உதவித் தலைமையாசிரியர் அவர் சார்பில் தலைமை ஏற்பார், அது பள்ளியின் வழக்கமான ஏற்பாடு, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.